45 டிகிரில ஏன் அதிக தூரம் போகுது? ஹோஸ் பைப்பும் கொஞ்சம் கணக்கும்

அக்கா பையன் பதினொண்ணாவது படிக்கிறான். போன மாசம் வீட்டுக்கு வந்தப்போ எறிபொருள் பாடத்தை வச்சுக்கிட்டு "மாமா, 45 டிகிரில வீசுனா அதிகபட்ச தூரம் போகும்னு புக்குல இருக்கு, sin 90 ஒண்ணு அதனால 45ன்னு மிஸ் சொன்னாங்க, சரி, ஆனா ஏன்?"னு கேட்டான். நல்ல கேள்வி. sin 2θ-வோட பெரிய மதிப்பு 1, அது 2θ = 90ல வரும்ங்கிறது கணக்கு எப்படி முடியுதுன்னு சொல்லுதே தவிர காரணத்தை சொல்லல. அன்னைக்கு சாயங்காலம் மாடி டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ் பைப்பை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாசல்ல இறங்கிட்டோம். அங்க செஞ்சதை வரிசையா எழுதுறேன், நீங்களும் வீட்ல செஞ்சு பார்க்கலாம்.

பால் எறிஞ்சு பார்க்காம தண்ணி ஏன்னா, கையால எறியும்போது ஒவ்வொரு தடவையும் வேகம் மாறிடும், கோணம் மாறினதால தூரம் மாறுச்சா இல்ல கை வலியால மாறுச்சான்னு சொல்லவே முடியாது. டேங்க் தண்ணி அப்படி இல்ல, டேங்க்ல மட்டம் இறங்காத வரைக்கும் வேகம் ஒண்ணுதான், அதுவும் போக பாதை முழுசும் ஒரே நேரத்துல கண்ணுக்கு தெரியும்.

முதல்ல கணக்கு, அதுவும் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணாம

புக்குல இதை கிடைத்தள நெடுக்கம்னு போட்டிருப்பாங்க, நான் தூரம்னே சொல்றேன். எறிஞ்ச பொருளோட வேகத்தை ரெண்டா பிரிச்சுக்கோங்க, ஒண்ணு முன்னாடி போற வேகம், இன்னொண்ணு மேல போற வேகம். ரெண்டுக்கும் ரெண்டு தனி வேலை. மேல போற வேகம்தான் எவ்வளவு நேரம் காத்துல இருக்கப்போகுதுன்னு முடிவு பண்ணுது. முன்னாடி போற வேகம் அந்த நேரத்துக்குள்ள எவ்வளவு தூரம் கடக்கும்னு முடிவு பண்ணுது. புவியீர்ப்பு கீழ மட்டும்தான் இழுக்குது, அதனால முன்னாடி போற வேகத்தை அது தொடவே தொடாது, காத்து தடுக்கலன்னா கடைசி வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

முன்னாடி போற வேகம் vx, மேல போற வேகம் vy-ன்னா ஒவ்வொரு செகண்டுக்கும் vy-ல g, அதாவது 9.8 குறையும், அப்போ உச்சிக்கு போக vy/g செகண்ட், கிளம்பின அதே மட்டத்துக்கு திரும்ப இறங்க இன்னொரு vy/g. ஆக பறக்குற நேரம் 2vy/g. தூரம்னா வேகம் பெருக்கல் நேரம், அவ்வளவுதான்:

```
R = 2 · vx · vy / g
```

இந்த வடிவத்தை கொஞ்ச நேரம் பாருங்க. vx-க்கு பதிலா v cosθ, vy-க்கு பதிலா v sinθ போட்டு 2 sinθ cosθ = sin2θன்னு சுருக்கினா புக்குல இருக்குற R = v² sin2θ / g வந்துடும், ஆனா சுருக்கின உடனே விஷயம் மறைஞ்சுடுது. சுருக்காம வச்சா தெளிவா தெரியுது: தூரம்ங்கிறது ரெண்டு வேகத்தோட பெருக்கல். கோணத்தை தூக்கினா நேரம் கூடும் ஆனா முன்னாடி போற வேகம் குறையும், கோணத்தை இறக்கினா வேகம் கூடும் ஆனா பொருள் சீக்கிரம் தரையில விழுந்துடும். ரெண்டுல எதை ஒரேயடியா பிடிச்சுக்கிட்டாலும் இன்னொண்ணு கைவிட்டுப் போயிடும்.

சரி, நடுவுலன்னு தெரியுது, ஆனா சரியா 45 எங்க இருந்து வந்துச்சு?

கோணத்தை மாத்தினாலும் கிளம்புற மொத்த வேகம் v மாறாது, அதனால vx² + vy² = v². இப்போ ஒரு செவ்வகம் நினைச்சுக்கோங்க, நீளம் vx, உயரம் vy. அதோட மூலைவிட்டம் v, அது எப்பவும் ஒரே அளவு. தூரம்ங்கிறது அந்த செவ்வகத்தோட பரப்பு மாதிரி, ரெண்டால பெருக்கி g-யால வகுத்தா தூரம். ஆக கேள்வி இப்படி மாறிடுச்சு: மூலைவிட்டம் ஒரே அளவா இருக்குற செவ்வகங்கள்லயே எதுக்கு பரப்பு அதிகம்?

சதுரத்துக்கு. ஏன்னா (vx − vy)² எப்பவும் பூஜ்ஜியத்துக்கு கீழ போகாது. அதை விரிச்சா vx² + vy² − 2vx·vy, அதாவது v² − 2vx·vy. இதை திருப்பி எழுதினா:

```
R = ( v² − (vx − vy)² ) / g
```

எனக்கு இந்த ஒரு வரிதான் மொத்த பாடம். v²/g-தான் உங்களுக்கு கிடைக்கக்கூடிய முழு தூரம், அதுல இருந்து ரெண்டு வேகத்துக்கும் இருக்குற வித்தியாசத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி அபராதம் கழியுது. ரெண்டும் சமமா இருந்தா அபராதமே இல்ல, ரெண்டும் சமமா இருக்குற கோணம் 45. டிஃபரன்ஷியேஷன் தேவையே படல பாருங்க, ஒன்பதாம் கிளாஸ் பையனுக்கே புரியும். (45ங்கிறது இந்தக் கணக்கு வர்றதுக்கு முன்னாடியே பீரங்கிக்காரங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான். இத்தாலியில டார்டாக்லியா 1537லயே அதை எழுதிட்டார், ஆனா பாதை எப்படி வளையுதுங்கிறதுல அவர் படம் தப்பு. பாதை பரவளையம்னு காட்டி ஒழுங்கா நிரூபிச்சு அச்சுல போட்டது கலிலியோ, 1638ல.)

இப்போ பைப்புக்கு வருவோம்: வேகத்தை கண்டுபிடிக்கிறது

ஹோஸ் முனையில ஒரு எண்ட் கேப் மாட்டி, நடுவுல 6 மி.மீ. டிரில் பிட்டால ஓட்டை போட்டேன். வேகம் எவ்வளவுன்னு தெரியணுமே, அதுக்கு நான் முதல்ல செஞ்சது தப்பு, அதையும் சொல்லிடறேன் ஏன்னா எல்லாரும் இதைத்தான் முதல்ல செய்வாங்க. 10 லிட்டர் பக்கெட்டை வச்சு நிரம்புற நேரத்தை போன்ல பார்த்தோம், 81 செகண்ட். ஒரு செகண்டுக்கு 0.123 லிட்டர், அதை ஓட்டையோட பரப்பால (28.3 சதுர மி.மீ.) வகுத்தா 4.4 மீட்டர்/செகண்ட் வருது. அப்போ 45 டிகிரில v²/g கிட்டத்தட்ட 2 மீட்டர் போகணும். பையன் 2 மீட்டர்ல ஒரு செங்கலை வச்சுட்டு நின்னான், தண்ணி செங்கலுக்கு மேல அவன் நெஞ்சு உயரத்துல தாண்டிப் போய் 5 மீட்டர் கிட்ட, கேட் பக்கத்துல விழுந்துச்சு.

காத்து தடுத்தா குறைவாத்தான் போகும், ரெண்டரை மடங்கு கூட எப்படி போகும்? கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, குனிஞ்சு ஓட்டையை பக்கத்துல பார்த்தேன். கூர் விளிம்புள்ள ஓட்டையில இருந்து வெளிய வர்ற தண்ணி உடனே உள்ள ஒடுங்குது, ஓட்டை 6 மி.மீ. ஆனா அதை விட்டு ஒரு விரல்கடை தள்ளி பார்த்தா தாரை 5 மி.மீ. கூட இல்ல. பக்கத்துல இருந்தெல்லாம் ஓட்டையை நோக்கி சரிஞ்சு வர்ற தண்ணி விளிம்புல சட்டுன்னு திரும்ப முடியாம இன்னும் உள்பக்கமாவே போறதால இது நடக்குது. தாரையோட பரப்பு ஓட்டையோட பரப்புல சுமார் 62 சதவீதம்தான் வரும். நான் பெரிய பரப்பால வகுத்ததால வேகம் குறைச்சலா வந்துச்சு, தூரத்துல அது வர்க்கமா ஏறுறதால தப்பு பெருசாயிடுச்சு. உங்க கணக்கை விட தண்ணி ரொம்ப தூரம் போனா இதுதான் காரணம்னு முதல்ல சந்தேகப்படுங்க.

இதைவிட நேரடியான வழி இருக்கு. முனையை சரியா 1 மீட்டர் உயரத்துல, ரசமட்டம் வச்சு படுக்கைவாட்டமா பிடிங்க. தண்ணி கிடைமட்டமா கிளம்புது, 1 மீட்டர் விழ 0.45 செகண்ட் ஆகும், அது எல்லாப் பொருளுக்கும் ஒண்ணுதான். எங்களுக்கு முனைக்கு நேர் கீழ இருந்து 3.15 மீட்டர்ல விழுந்துச்சு, 3.15 / 0.45 = 7 மீட்டர்/செகண்ட். ஓட்டை எவ்வளவு, தாரை எவ்வளவு, எதுவும் தேவையில்ல. இந்த 7 ரொம்ப வசதியான நம்பர், 49 / 9.8 = 5, அதாவது 45 டிகிரில கணக்குப்படி சரியா 5 மீட்டர்.

கோணத்தை அளக்குறது

பைப்பை ஒரு நேரான மரச்சட்டத்தோட டேப் போட்டு கட்டினோம், கடைசி முப்பது செ.மீ.யாவது வளையாம இருக்கணும், இல்லன்னா சட்டம் ஒரு கோணம் காட்டும் தண்ணி வேற கோணத்துல போகும். சட்டத்துல ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியை ஒட்டி, நடுப்புள்ளியில இருந்து நூல்ல ஒரு நட்டை தொங்கவிட்டா நூல் நேரா கீழ காட்டும், சட்டம் சாயும்போது நூல் பாகைமானியில நகரும்.

இங்க ஒரு குழி இருக்கு. பாகைமானியை சட்டத்துக்கு இணையா ஒட்டினா நூல் காட்டுற எண் தரையில இருந்து கோணம் இல்ல, சட்டத்துக்கும் நேர் கீழுக்கும் நடுவுல உள்ள கோணம். அதாவது சட்டம் 30ல இருக்கும்போது நூல் 60 காட்டும். 90ல இருந்து கழிக்கணும். கழிக்க மறந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க: உங்க அட்டவணை துளி கூட தப்பா தெரியாது! ஏன்னா 30க்கும் 60க்கும் தூரம் ஒண்ணுதான், 40க்கும் 50க்கும் ஒண்ணுதான், 45 நடுவுல அப்படியே நிக்கும். தப்பான அளவு சரியான விடை கொடுக்குற அபூர்வமான சோதனை இது. உயரத்தை பார்த்தாத்தான் தெரியும். 7 மீட்டர் வேகத்துக்கு 30 டிகிரில தாரை 60 செ.மீ. சொச்சம்தான் ஏறும், முட்டியை கொஞ்சம் தாண்டும். 60ல 1.9 மீட்டர் போகும், ஆள் உயரத்துக்கு மேல. "60"னு எழுதிட்டு தாரை தொடை கிட்ட வளைஞ்சா நீங்க கழிக்க மறந்துட்டீங்க.

30ம் 60ம்: ஏன் ஒரே இடம்?

பையன் ரொம்ப நேரம் நின்னு பார்த்தது இதைத்தான். 30 டிகிரில முன்னாடி போற வேகம் 6.06, மேல போற வேகம் 3.5. காத்துல இருக்குற நேரம் 0.71 செகண்ட், தூரம் 4.33 மீட்டர். 60 டிகிரிக்கு தூக்கினா ரெண்டு எண்ணும் இடம் மாறிக்கும், முன்னாடி 3.5, மேல 6.06. இப்போ தண்ணி 1.24 செகண்ட் மேலயே இருக்கு, ஆனா கிட்டத்தட்ட பாதி வேகத்துல நகருது, போய் விழுறது அதே 4.33. பெருக்கல்ல ரெண்டு எண்ணை இடம் மாத்தினா விடை மாறாது இல்லையா, அதுதான் இங்க தரையில கோடு போட்டு தெரியுது. செவ்வகத்தை படுக்க வச்சா 30, நிக்க வச்சா 60, பரப்பு அதேதான்.

மத்த கோணங்களுக்கும் v = 7 வச்சு கணக்கு போட்டது:

| கோணம் | தூரம் (மீட்டர்) |
|---|---|
| 15 | 2.50 |
| 30 | 4.33 |
| 40 | 4.92 |
| 45 | 5.00 |
| 50 | 4.92 |
| 60 | 4.33 |
| 75 | 2.50 |

எக்ஸெல்ல போடுறவங்க கவனிக்க, அங்க SIN ரேடியன்லதான் எடுக்கும். நேரா `=5*SIN(90)`னு போட்டா 4.47 வரும், பார்க்க நம்புற மாதிரியே இருக்கும் ஆனா தப்பு. கோணம் A2-ல இருந்தா இப்படி போடணும்:

```
=5*SIN(RADIANS(2*A2))
```

இந்த அட்டவணையில பாதி பேர் கவனிக்காம விடுறது நடுப்பகுதி. 45ல இருந்து 5 டிகிரி தப்பினா போறது வெறும் 8 செ.மீ., 5 மீட்டர்ல ஒன்றரை சதவீதம். அதுவே 15ல இருந்து 10க்கு போனா 2.50ல இருந்து 1.71க்கு விழுந்துடும். மேல எழுதின அபராதக் கணக்கை பார்த்தா காரணம் உடனே தெரியும், 40 டிகிரில ரெண்டு வேகத்துக்கும் வித்தியாசம் 0.86, அதோட வர்க்கம் 0.74, g-யால வகுத்தா 7.6 செ.மீ. சின்ன வித்தியாசத்தோட வர்க்கம் இன்னும் சின்னது, அதனால உச்சியில கோடு தட்டையா இருக்கு. இதனால ஒரு நடைமுறை சிக்கலும் உண்டு: தூரத்தை அளந்து பார்த்து "உச்சி 45தான், 47 இல்ல"ன்னு உங்களால சொல்லவே முடியாது, தண்ணி சிதறி விழுற இடமே ஒரு ஜாண் அகலம். அப்போ 45ன்னு எப்படி உறுதி பண்றது? உச்சியை தேடாதீங்க. சரிவுல ஜோடி ஜோடியா அளங்க, 30-60, 20-70. ஜோடி ரெண்டும் ஒரே இடத்துல விழுந்தா அதுக்கு நட்டநடு 45தான் உச்சி.

எங்களுக்கு ஜோடி ஒத்துப்போகல

முதல் சுத்துல பையன் சட்டத்தை இடுப்பு உயரத்துல, கிட்டத்தட்ட 1 மீட்டர்ல பிடிச்சிருந்தான். 30ல 5.6 மீட்டர் போச்சு, 60ல 4.8கூட வரல. சமதளம்ங்கிற வார்த்தையை ரெண்டு பேருமே மறந்துட்டோம். மேல போட்ட 2vy/g, கிளம்பின மட்டத்துக்கே திரும்ப வர்ற நேரம், அதுக்கு கீழ இன்னும் 1 மீட்டர் இறங்கணும்னா கூடுதல் நேரம் இலவசமா கிடைக்குது. நேரம் இலவசமா கிடைச்சா மேல போற வேகத்துல அவ்வளவு செலவழிக்க வேண்டாம், முன்னாடி போற வேகத்துக்கு கொஞ்சம் மாத்திக்கலாம், அதனால சிறந்த கோணம் 45க்கு கீழ இறங்கும். அதுக்கு சூத்திரம்:

```
tanθ = v / √(v² + 2gh)
```

v = 7, h = 1 போட்டா 40 டிகிரி, தூரம் 5.92 மீட்டர். h = 0 போட்டா tanθ = 1, அதாவது நம்ம பழைய 45.

அப்புறம் சட்டத்தை இறக்கி செங்கல் மேல வச்சோம், அப்பவும் முனை தரையில இருந்து 10 செ.மீ. மேலதான் இருந்துச்சு. பத்து செ.மீ. என்ன பண்ணிடும்னு நினைக்காதீங்க. 45ல தண்ணி 45 டிகிரி சாய்வுலதான் இறங்குது, அதனால 10 செ.மீ. உயரத்துக்கு தூரத்துலயும் சுமார் 10 செ.மீ. கூடும். 15 டிகிரில தண்ணி தரையை உரசுற மாதிரி இறங்குறதால அதே 10 செ.மீ.க்கு தூரம் 33 செ.மீ. கூடிடும். கோணம் குறைய குறைய இந்த தப்பு பெருசாகும். சுலபமான வைத்தியம், முனை எந்த உயரமோ அதே உயரத்துக்கு விழுற இடத்துல ஒரு பலகையை செங்கல் மேல வச்சு, தண்ணி பலகையில எங்க படுதுன்னு குறிச்சுக்கறது.

பலகை வச்ச பிறகு 45ல எங்களுக்கு 4.7 மீட்டர், 30ம் 60ம் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு, 60 மட்டும் ஒரு அரை ஜாண் பின்தங்குச்சு. இந்த மிச்சக் குறை காத்தோட வேலை. தாரை உச்சிக்கு போறதுக்குள்ள சொட்டு சொட்டா உடையுது, சொட்டு ஒவ்வொண்ணையும் காத்து தனித்தனியா பிடிக்குது, அதிக நேரம் மேல இருக்குற 60க்கு இழப்பு அதிகம். அதனால காத்து இருக்குற இடத்துல சிறந்த கோணம் 45க்கு கொஞ்சம் கீழதான் விழும். கிரிக்கெட் பால் மாதிரி வேகமா போற பொருளுக்கு இது இன்னும் நல்லா தெரியும். இதுக்கு நேர் எதிரான கதையும் உண்டு, 1918ல ஜெர்மன்காரங்க பாரிஸ் மேல 120 கிலோமீட்டர் தள்ளி இருந்து சுட்ட பீரங்கியை 50 டிகிரிக்கு மேல தூக்கித்தான் வச்சாங்க, ஏன்னா குண்டு சீக்கிரமா காத்து மெலிஞ்ச உயரத்துக்கு போயிடணும், பாதையில பெரும்பகுதி அங்கயே ஓடிடணும்.

கடைசியா பையன் கேட்டது, ஸ்கூல்ல குண்டு எறியும்போதும் 45 டிகிரி வைக்கலாமான்னு. தோள் உயரத்துக்கு மேல இருந்து, சுமார் 2 மீட்டர்ல இருந்து குண்டு கிளம்புது, நல்ல வீரர் 14 மீட்டர்/செகண்ட் வேகம் கொடுத்தா மேல இருக்குற சூத்திரப்படி 42 டிகிரி. ஆனா நிஜத்துல நல்லா எறியறவங்க 35, 37ன்னு இன்னும் கீழதான் எறியறாங்க, ஏன்னா நம்ம கணக்கு முழுக்க v மாறாதுன்னு வச்சிருக்கு, டேங்க் தண்ணிக்கு அது சரி, மனுஷன் கைக்கு சரி இல்ல. மேல் நோக்கி தள்ளும்போது குண்டோட எடையையும் சேர்த்து தூக்கணும், அதுவும் போக தோள் நேரா முன்னாடி தள்ளுறதுக்குத்தான் பலமா இருக்கு, அதனால கோணம் ஏற ஏற v குறையுது. தூரத்துல v வர்க்கமா நிக்குது, 45ஐ விட்டு எட்டு டிகிரி கீழ வந்தா சமதளக் கணக்குல போறது 4 சதவீதம்தான், வேகத்துல 2 சதவீதம் கூட கிடைச்சாலே அது திரும்ப வந்துடும். "அப்போ எனக்கு எது சரி?"ன்னான். நாலு கோணத்துல நாலு நாலு தடவை எறிஞ்சு டேப் வச்சு அளந்துக்கோடா, உன் தோளுக்கு சூத்திரம் புக்குல இல்லன்னேன்.